“ஐ ஆம் கோயிங் டு ஆபீஸ் டெய்லி” என்றேன், “எதுவரை?” என்று கேட்டார்கள்

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்

கடந்த மாதம் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பணிக்காக என்னைத் தொலைபேசியில் நேர்காணல் செய்தார்கள். பேசியவர் லண்டனில் இருந்தார், தமிழ் அறியாதவர். உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றதும், பள்ளிக் காலத்திலிருந்து பழகிய விதத்தில் நான் இப்படிச் சொன்னேன்: “ஐ ஆம் ஒர்க்கிங் இன் எ டீ ஃபேக்டரி. ஐ ஆம் கோயிங் டு ஆபீஸ் டெய்லி. ஐ ஆம் பிரிப்பேரிங் தி ஆக்‌ஷன் அக்கவுண்ட்ஸ் எவ்ரி வீக்.” குன்னூர் ஏலத்துக்குப் போகும் தூளின் கணக்கை வாரந்தோறும் முடிப்பது ஏழு ஆண்டுகளாக என் பொறுப்பு, அதைத்தான் சொன்னதாக நினைத்தேன்.

அவர் சற்று யோசித்து, இந்த ஏற்பாடு எதுவரை என்றும், வழக்கமாக அந்தக் கணக்கைப் பார்ப்பவர் யார் என்றும் கேட்டார். விடுப்பில் போன யாருக்கோ பதிலாக நான் சில வாரங்கள் வேலை பார்ப்பதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஏழு ஆண்டு என்று சொன்ன பிறகுதான் அவர் குரல் மாறியது. நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவருக்குப் புரிந்திருந்தது. ஆனாலும் பொருள் வேறாகப் போய்ச் சேர்ந்திருந்தது. இது போன்ற அனுபவம் உங்களில் யாருக்கேனும் உண்டா? எங்கே ‘ஐ கோ’, எங்கே ‘ஐ ஆம் கோயிங்’ என்று எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்?

உதகை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

சகோதரி, இதற்கு ஒரே ஒரு விதி போதும். வாக்கியத்தில் டெய்லி, எவ்ரி, ஆல்வேஸ் ஆகிய சொற்களில் ஏதாவது ஒன்று வந்தால் ‘இங்’ வரக் கூடாது. ‘நவ்’ வந்தால் ‘இங்’ வர வேண்டும். எங்கள் கிளையில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். தலைமை அலுவலகத்துக்கு எழுதும் கடிதங்களில் “வீ ஆர் ரிசீவிங் கம்ப்ளெயின்ட்ஸ் டெய்லி” என்று எழுதி வருவார்கள். நான் ஒவ்வொரு முறையும் “வீ ரிசீவ்” என்று திருத்தி அனுப்புவேன்.

குன்னூர், வாடகைக் கார் ஓட்டுநர்

‘டு ஆபீஸ்’ என்பதுதான் பிழை என்று நினைக்கிறேன். என் வண்டியில் வந்த வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர், ‘டு தி ஆபீஸ்’ என்றோ ‘டு ஒர்க்’ என்றோ சொல்ல வேண்டும் என்று எனக்குத் திருத்திச் சொன்னார். அதைச் சரி செய்துவிட்டால் அந்த வாக்கியம் நின்றுவிடும் என்பது என் எண்ணம்.

கொடைக்கானல், ஆங்கில ஆசிரியை

ஓட்டுநர் ஐயா சொன்னது சரிதான்; ஆனால் அது வேறொரு பிழை. ‘டு தி ஆபீஸ்’ என்று சொல்லியிருந்தாலும் லண்டன்காரர் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

வங்கி ஐயாவின் விதி பாதித் தூரம் வரும். அதற்கு மேல் போகாது. என் வகுப்பில் ஒரு மாணவி, “மை ஸ்கூட்டர் இஸ் இன் தி ஒர்க்‌ஷாப், ஸோ திஸ் வீக் ஐ ஆம் கோயிங் டு காலேஜ் பை பஸ் எவ்ரி டே” என்று எழுதினாள். எவ்ரி டே இருக்கிறது, இங்-உம் இருக்கிறது. வாக்கியம் முற்றிலும் சரி. ஸ்கூட்டர் திரும்பி வந்ததும் பேருந்துப் பயணம் நின்றுவிடும், அதனால்தான் அங்கே இங் பொருந்துகிறது. ஆல்வேஸ் என்பதும் அப்படியே. “ஹி இஸ் ஆல்வேஸ் பாரோயிங் மை பென்” என்றால் அது இலக்கணப் பிழை இல்லை. சலித்துப்போய்ச் சொல்லும் குறை. ஐயா திருத்திய “வீ ஆர் ரிசீவிங் கம்ப்ளெயின்ட்ஸ் டெய்லி” என்பதும், புகார்கள் அண்மையில்தான் வரத் தொடங்கின என்ற பொருளில் எழுதப்பட்டிருந்தால், திருத்தாமலே இருந்திருக்கலாம்.

ஆகவே டெய்லி என்ற சொல்லைத் தேடாமல், இது வழக்கமா, இல்லை இந்த நாட்களுக்கு மட்டுமான ஏற்பாடா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். லண்டன்காரரின் காதில் டெய்லி விழாமல் இல்லை. ‘இந்த நாட்களில் தினமும்’ என்று விழுந்தது. அவர் எதுவரை என்று கேட்டது அந்த வாக்கியத்துக்கு நியாயமான கேள்விதான்.

நமக்கு ஏன் இது இவ்வளவு எளிதாக நேர்கிறது என்பதை நான் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ‘நான் தினமும் அலுவலகம் போகிறேன்’, ‘இதோ போகிறேன்’ ஆகிய இரண்டுக்கும் தமிழில் ‘போகிறேன்’ என்ற ஒரே வடிவம் போதுகிறது. பள்ளியில் ‘போகிறேன்’ என்றால் ‘ஐ ஆம் கோயிங்’ என்று ஒரு முறை மனத்தில் பதிந்துவிட்டால், பிறகு வரும் எல்லாப் ‘போகிறேன்’களும் அந்த வழியிலேயே இறங்கிவிடுகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. ‘ஹி கோஸ்’, ‘டஸ் ஹி கோ’, ‘ஹி டஸ் நாட் கோ’ என்று வினை இடத்துக்கு இடம் மாறுவது பலருக்கு அச்சம் தருகிறது. ‘கோயிங்’ எங்கேயும் மாறாமல் நிற்பதால் அதைப் பாதுகாப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். நேர்காணலில் பதற்றம் கூடக் கூட இங் கூடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வழக்கத்தைச் சொல்லத் தமிழில் இன்னொரு வடிவமும் உண்டு. ‘காலையில் ஆறு மணிக்கு எழுந்திருப்பேன், எட்டு மணிப் பேருந்தைப் பிடிப்பேன்’ என்று நாம் இயல்பாகப் பேசுகிறோம். எதிர்காலம் போலத் தோன்றினாலும் அது நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லவில்லை. எப்போதும் நடப்பதைச் சொல்கிறது. தொல்காப்பிய உரைகளில் வரும் ‘மலை நிற்கும், ஞாயிறு இயங்கும்’ என்ற எடுத்துக்காட்டுகளும் இப்படிப்பட்டவையே. ஆகவே என் மாணவர்களிடம், ‘போகிறேன்’ என்ற இடத்தில் ‘போவேன்’ என்று வைத்துப் பாருங்கள் என்பேன். ‘தினமும் அலுவலகம் போவேன்’ என்று பொருள் கெடாமல் நின்றால் ‘ஐ கோ’. ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று நீட்டினால்தான் மனத்தில் உள்ளது சரியாக வெளிப்படும் என்றால் ‘ஐ ஆம் கோயிங்’.

கொடைக்கானல், தங்கும் விடுதி நடத்துபவர்

அம்மா சொன்னதைப் படித்த பிறகுதான் எனக்கு நேர்ந்தது விளங்குகிறது. குறிஞ்சி 2018-இல் பூத்து முடிந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு அடுத்த ஆண்டு ஆகஸ்டில், உங்கள் ஊரில் என்ன சிறப்பு என்று வட இந்தியாவிலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டார். கோக்கர்ஸ் வாக், பேரிஜம், குறிஞ்சி ஆண்டவர் கோவில் எல்லாவற்றையும் எழுதிவிட்டு, “குறிஞ்சி ஃபிளவர் இஸ் புளூமிங் ஹியர் ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ்” என்றும் சேர்த்தேன். அவர் உடனே இரண்டு அறைகளுக்கு முன்பணம் அனுப்பினார்.

வந்து இறங்கியதும், பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல், பூ எந்தப் பக்கம் என்று கேட்டார். கையில் பெரிய லென்ஸ் மாட்டிய கேமரா இருந்தது. இப்போது பூ இல்லை என்றேன். அவர் என் செய்தியைத் திறந்து ‘இஸ் புளூமிங் ஹியர்’ என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது இப்போது பூத்துக்கொண்டிருக்கிறது என்று அவர் படித்திருக்கிறார். அவருடன் வயதான தாயாரும் வந்திருந்தார். ஓர் அறைக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனாலும் அந்த அம்மாவின் முகம் இன்றும் என் மனத்தை விட்டுப் போகவில்லை.

கொடைக்கானல், ஆங்கில ஆசிரியை

உங்கள் வாக்கியத்தை அவர் படித்த விதத்தில் குற்றம் சொல்ல முடியாது. தமிழில் எழுதியிருந்தால் ‘குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும்’ என்றுதான் எழுதியிருப்பீர்கள். அந்தப் ‘பூக்கும்’ என்பது ‘புளூம்ஸ்’. 2018-இல் மலையில் நின்றுகொண்டு எழுதியிருந்தால் ‘பூத்துக்கொண்டிருக்கிறது’, அதாவது ‘இஸ் புளூமிங்’. ஒரு வினை வடிவ வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் பயணமே அடங்கியிருந்தது.

குன்னூர், வாடகைக் கார் ஓட்டுநர்

அப்படியானால் மலை ரயிலுக்கு என்ன சொல்வது? மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குப் புறப்படுகிறது என்பதை நான் எப்போதும் ‘தி டிரெயின் இஸ் லீவிங் அட் செவன் டென்’ என்றே சொல்லி வருகிறேன். முந்தைய நாள் இரவு இப்படிச் சொன்னால் சிலர், அது நாளைக்கு மட்டுமா என்று கேட்கிறார்கள்.

கொடைக்கானல், ஆங்கில ஆசிரியை

கால அட்டவணையில் உள்ளதற்கு ‘லீவ்ஸ்’ என்று சொல்லுங்கள். ‘தி டிரெயின் லீவ்ஸ் அட் செவன் டென் டுமாரோ’ என்று நாளைய வண்டிக்கும் அதுவே பொருந்தும். வண்டி கண்ணெதிரே நகரத் தொடங்கும்போது ‘இஸ் லீவிங்’ என்று கூவலாம்.

உதகை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

என் விதியில் குறை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்கூட்டர் எடுத்துக்காட்டு மறுக்க முடியாதது. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் ‘ஐ ஆம் கோயிங் டெய்லி’ என்று பேசி, கேட்பவர்களும் சரியாகவே புரிந்துகொள்ளும்போது, அதைப் பிழை என்று எப்படிச் சொல்வது? எங்கள் கிளையில் ஒருவரும் ‘எதுவரை’ என்று கேட்டதில்லை.

கொடைக்கானல், ஆங்கில ஆசிரியை

நமக்குள் பேசும்போது குழப்பம் வராது என்பதை ஏற்கிறேன், ஐயா. கேட்பவரும் நம்மைப் போலவே ‘போகிறேன்’ என்று எண்ணிக் கேட்பதால் பொருள் தப்பாமல் சேர்ந்துவிடுகிறது. ஆனால் விடுதிக்கு வந்தவரும் இந்த நாட்டுக்காரர்தானே? அதனால் நான் தேர்வுத்தாளில் அதைத் திருத்தாமல் விடமாட்டேன்.

உதகை, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

அங்கே குழப்பியது பூ என்பது என் கருத்து. ஆளுக்கும் அலுவலகத்துக்கும் அப்படி நேராது. நாம் இதில் உடன்பட மாட்டோம் என்று தோன்றுகிறது.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்

அனைவருக்கும் நன்றி. அடுத்த சுற்று நேர்காணல் வரும் செவ்வாய்க்கிழமை. ஆசிரியை அம்மா சொன்னபடி ‘போவேன்’ வைத்துப் பார்த்து இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: “ஐ ஒர்க் இன் எ டீ ஃபேக்டரி. ஐ கோ டு தி ஆபீஸ் எவ்ரி டே. ஐ பிரிப்பேர் தி ஆக்‌ஷன் அக்கவுண்ட்ஸ் எவ்ரி வீக். திஸ் மன்த் ஐ ஆம் ஆல்ஸோ ஹெல்பிங் தி ஆடிட்டர்ஸ்.” கடைசி வாக்கியத்தில் இங் வேண்டும் என்றே வைத்தேன், தணிக்கை இம்மாதத்தோடு முடிகிறது. ‘ஏழு ஆண்டுகளாக’ என்பதைச் சேர்த்தால் ‘ஐ ஒர்க்’, ‘ஐ ஆம் ஒர்க்கிங்’ இரண்டுமே பொருந்தாது, ‘ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் ஃபார் செவன் இயர்ஸ்’ என்று வர வேண்டும் என்பதைத் தோழி ஒருத்தி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

ஒன்று மட்டும் முடிவாகவில்லை. அப்பா இறந்த பிறகு, இரண்டு ஆண்டுகளாக அம்மாவுடன் இருக்கிறேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் ‘ஐ லிவ் வித் மை மதர்’ என்பதா, ‘ஐ ஆம் லிவிங் வித் மை மதர்’ என்பதா?

கொடைக்கானல், ஆங்கில ஆசிரியை

இரண்டும் சரியான ஆங்கிலம், அம்மா. திரும்பத் தனி வீட்டுக்குப் போவதாக இருந்தால் ‘லிவிங்’. இனி இதுதான் வீடு என்றால் ‘லிவ்’. எது என்பதை நான் சொல்ல முடியாது.

கோத்தகிரி, தேயிலைத் தொழிற்சாலைக் கணக்கர்

இன்று மாலை அம்மாவிடம் பேசினேன். ‘ஐ லிவ்’ என்று எழுதிக்கொண்டேன்.