சொல்லை மாற்றினேன், பொருளும் மாறிவிட்டது: அறிக்கை எழுதிய அனுபவம்

தேனி களப்பணியாளர்:
குழந்தைகள் ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றுக்கு நிதி தருபவர்களுக்காகத் தமிழில் அறிக்கை எழுதினேன். பின்னணிப் பகுதிக்கு ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஆங்கில அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு, வரி வரியாகப் பார்த்து என் சொல்லில் எழுதினேன். 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் 67.1% பேருக்கு இரத்தசோகை, முந்தைய சுற்றில் 58.6%. இவ்வளவுதான் நான் எடுத்தது. எழுதியது இப்படி:

"நாட்டின் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் கடும் இரத்தசோகையால் வாடுகின்றனர். சத்துக்குறைவான உணவால் இது 8.5 சதவீதம் உயர்ந்துள்ளது."

பத்தி முடிவில் கணக்கெடுப்பின் பெயரையும் போட்டுவிட்டேன். மேலதிகாரி நான்கு இடங்களில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். வயது வரம்பு காணோம். "கடும்" என்பது மூலத்தில் இல்லை, 67.1% என்பதில் லேசான இரத்தசோகையும் சேர்ந்தே இருக்கிறது. உணவுதான் காரணம் என்பது நானாகச் சேர்த்தது. கடைசியாக, 58.6-லிருந்து 67.1-க்குப் போனது 8.5 சதவீதப் புள்ளிகள். சதவீதமாகச் சொன்னால் சுமார் 14.5% உயர்வு. சொல்லாத நாலு விஷயத்தை அந்தக் கணக்கெடுப்பின் வாயில் திணித்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

ஆய்வு மாணவன்:
ஒப்புமை மென்பொருளில் போட்டுப் பார்த்தீர்களா? யுஜிசி 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10% வரை இருந்தால் தண்டனை இல்லை. என் ஆய்வேட்டில் 7%தான் வந்தது. அதற்குக் கீழே இருந்தால் கவலையே வேண்டாம்.

பழைய பதிப்பாசிரியர்:
தம்பி, விதியைச் சரியாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் அந்த எண் பார்ப்பது ஒத்த சொற்களை. ஆங்கில மூலத்தைத் தமிழில் எழுதினால் ஒப்புமை சுழியம் என்றுகூட வரலாம். இவர் செய்த நாலு தவறில் ஒன்றைக்கூட மென்பொருள் காட்டியிருக்காது. அடுத்தவர் கருத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்தாலும் காட்டாது.

நான் செய்வது இதுதான். மூலத்தைப் படித்ததும் எண், வயது வரம்பு, ஆண்டு மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். அப்புறம் மூலத்தை மூடிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல எழுதுவேன். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் ஆங்கில வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே வந்துவிடும், சொல் மட்டும்தான் மாறும். எழுதி முடித்ததும் மூலத்தைத் திறந்து, யாரைப் பற்றி, எப்போது, எவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

மூலத்தின் பெயரைப் பத்தி முடிவில் போடுவதும் எனக்குப் பிடிக்காது. எந்த வரி அவர்களுடையது, எது உங்களுடையது என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

தேனி களப்பணியாளர்:
ஐயா, அப்படித்தான் மாற்றினேன். திருத்திய வடிவம்:

"ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21), ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மூவரில் இருவருக்கு ஏதோ ஓர் அளவில் இரத்தசோகை இருந்தது (67.1%). 2015–16 சுற்றில் இது 58.6%. நாங்கள் சென்ற கிராமங்களில் கீரையும் முட்டையும் வாரத்தில் ஓரிரு நாள்தான் கிடைக்கின்றன. இதற்கும் இரத்தசோகைக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது எங்கள் கணிப்பு."

மொழிபெயர்ப்பவள்:
நான் ஒரு நிறுவனத்துக்கு முழு அறிக்கையையே தமிழாக்கிக் கொடுத்தேன். அட்டையில் என் பெயரே இல்லை. இதுவும் திருட்டுதானே?

பழைய பதிப்பாசிரியர்:
அம்மா, உங்கள் வருத்தம் நியாயமானது, பெயர் போட்டிருக்க வேண்டும். ஆனால் இங்கே பேசுவது வேறு விஷயம். ஒன்று மட்டும் பொருந்தும்: வரிக்கு வரி தமிழாக்கினால் அதைத் "தமிழாக்கம்" என்றே குறிப்பிட வேண்டும், சொந்த நடை என்று காட்டக் கூடாது.

ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்:
மூலத்தை மூடிவிட்டு எழுதுவது எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. இந்த வயதுக் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை என்பது அந்தக் கணக்கெடுப்பின் வரையறை. அதைச் சொந்த நடையில் "இரத்தம் குறைவு" என்று எழுதினால் கெட்டுப்போகும், அப்படியே எடுத்து மேற்கோள் குறிக்குள் போடலாம். இன்னொன்று, அந்தக் கணக்கெடுப்பில் நரம்பில் இரத்தம் எடுக்கவில்லை, ஊசியால் குத்தி எடுத்த சொட்டில்தான் பார்த்தார்கள். அதையும் ஒரு வரி சொல்ல வேண்டாமா?

தேனி களப்பணியாளர்:
என் மேலதிகாரி தேவையில்லை என்கிறார், பின்னணிப் பகுதி நீண்டுவிடுமாம். எனக்கு என்னவோ சொல்ல வேண்டும் என்றே படுகிறது. நிதி தருபவர்களுக்கான அறிக்கையில் இதை எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?