ஒரே பில், சிஜிஎஸ்டியில் 21 பைசா வித்தியாசம். எந்தக் கணக்கு சரி?

கடைக்கணக்கு:
ஹார்ட்வேர் மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறேன். ஒரு பில்லில் 50 ஐட்டம், எல்லாமே 18 சதவீதம். வரிக்கு முந்தைய மதிப்பு 18,452 ரூபாய். எங்கள் பில்லிங் மென்பொருள் சிஜிஎஸ்டி 1,660.89, எஸ்ஜிஎஸ்டி 1,660.89 என்று போட்டு, ரவுண்ட் ஆஃப் செய்து 21,774 என்று அச்சடித்தது. வாங்கியவர் தன் கணக்கில் ஏற்றினால் 1,660.68 வீதம் வந்து மொத்தம் 21,773 ஆகிறதாம். பில் தப்பு, மாற்றிக் கொடுங்கள் என்கிறார். கால்குலேட்டரில் போட்டால் அவர் சொல்வதுதான் வருகிறது. எங்கே பிசகுகிறது?

வைகைக்கரை:
இது பைசா ரவுண்டிங்தான் நண்பரே. சில ஐட்டத்தில் கூடும், சிலதில் குறையும், பில் பெரிதானால் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கவலை வேண்டாம்.

பில்லிங் முத்து:
சரிக்கட்டிவிடும் என்பது விலை 37.43, 61.18 என்று கலந்து வந்தால் ஓரளவு உண்மை. இவர் பில்லில் அப்படி நடக்கவில்லை. கடைக்கணக்கு சார், 50 ஐட்டத்தில் எத்தனை தொகை 50 பைசாவில் முடிகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள்.

கடைக்கணக்கு:
42. மீதி எட்டும் முழு ரூபாய்.

பில்லிங் முத்து:
அப்படியானால் கணக்கு சரியாக விழுகிறது. 37.50க்கு 9 சதவீதம் 3.375. இரண்டு தசமத்துக்கு ரவுண்ட் செய்தால் 3.38, அதாவது அரைப் பைசா கூடுதல். 112.50க்கு 10.125, அது 10.13. அங்கும் அரைப் பைசா கூடுதல். 50 பைசாவில் முடியும் எந்தத் தொகைக்கும் 9 சதவீதம் போட்டால் மூன்றாவது தசமம் 5 ஆகத்தான் வரும். அது எப்போதும் மேலேதான் போகும், ஒருபோதும் கீழே வராது. முழு ரூபாய்க்கு 9 சதவீதம் இரண்டு தசமத்திலேயே நின்றுவிடும், அதில் பிழையே இல்லை. ஆக 42 அரைப் பைசா 21 பைசா. எஸ்ஜிஎஸ்டியிலும் அதே 21. மொத்தம் 42 பைசா.

உங்கள் மென்பொருள் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ரவுண்ட் செய்துவிட்டுக் கூட்டுகிறது. வாங்கியவர் கூட்டிய பிறகு ஒரே தடவை ரவுண்ட் செய்கிறார். அவருக்கு 21,773.36, உங்களுக்கு 21,773.78. நடுவில் 50 பைசா எல்லை இருப்பதால் ஒரு ரூபாயாகத் தெரிகிறது. எக்செலில் தொகைகளை C பத்தியில் போட்டுப் பாருங்கள்:

```
=SUMPRODUCT(ROUND(C2:C51*9%,2))
=ROUND(SUM(C2:C51)*9%,2)
```

முதலாவது உங்கள் கணக்கு, இரண்டாவது அவருடையது.

சிற்றுண்டிக் கடை:
எங்களுக்கும் இதே தொல்லை! வரி சேர்த்து 20 ரூபாய் என்று விலை வைத்தால் பில்லில் 20.01 வருகிறது. இதுவும் கூட்டிவிட்டு ரவுண்ட் செய்தால் சரியாகுமா?

பில்லிங் முத்து:
உங்களுடையது வேறு சிக்கல் அண்ணே. 20ஐ 1.05ஆல் வகுத்து 19.05 என்று வைத்துக்கொண்டு, அதற்கு 2.5 சதவீதம் இரண்டு தடவை போடுகிறது. 0.48, 0.48, கூட்டினால் 20.01. ஒரே ஐட்டம் இருந்தாலும் வரும். 20ஐ அப்படியே நிறுத்தி, இரண்டு வரிகளையும் கழித்து மதிப்பை 19.04 என்று எடுக்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரை:
சரி, இப்போது புரிகிறது. ஆனால் சிஜிஎஸ்டி சட்டம் 170ஆம் பிரிவு வரியை முழு ரூபாய்க்கு ரவுண்ட் செய்யச் சொல்கிறதே. ஒவ்வொரு ஐட்டத்திலும் அப்படிச் செய்தால் சண்டையே இல்லையே?

பில்லிங் முத்து:
50 பைசாவும் அதற்கு மேலும் ஒரு ரூபாய், குறைந்தால் விடு என்பது அந்தப் பிரிவில் உண்டு. ஆனால் அதை ஐட்டத்தில் போட்டால் 3.38 மூன்று ரூபாய் ஆகிவிடும், வித்தியாசம் பைசாவிலிருந்து ரூபாய்க்கு ஏறும். கட்ட வேண்டிய மொத்தத்துக்குத்தான் அது பொருந்தும் என்பது என் வாசிப்பு.

வைகைக்கரை:
எங்கள் ஆடிட்டர் பில்லின் மொத்த வரிக்கே அதைப் போடச் சொல்கிறார். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

கடைக்கணக்கு:
அது இருக்கட்டும். இப்போது பில்லை மாற்றிக் கொடுக்க வேண்டுமா?

பில்லிங் முத்து:
வேண்டாம். ஐட்டம்வாரியாக வரித் தொகை அச்சடித்திருந்தால், அதைக் கூட்டினால் வரும் 1,660.89தான் கீழே இருக்க வேண்டும். அதையேதான் ஜிஎஸ்டிஆர்-1இலும் காட்டுங்கள். வாங்கியவர் தானே திரும்பக் கணக்குப் போடாமல், பில்லில் உள்ள தொகையையே ஏற்றினால் அவருடைய 2பியோடு பொருந்தும். இ-இன்வாய்ஸ் போடுபவராக இருந்தால், ஒரு ரூபாய் வரை கூடக் குறைய இருந்தால் போர்ட்டல் ஏற்றுக்கொள்ளும்.

முறையை மாற்றும் முன் சரக்குத் திரும்புவதையும் யோசியுங்கள். மொத்தத்தில் ரவுண்ட் செய்த பில்லின் சரக்கு ஒவ்வொன்றாகத் திரும்பினால், ஒவ்வொரு கிரெடிட் நோட்டிலும் 3.38, 10.13 என்று போகும். 50 ஐட்டமும் வந்து சேரும்போது, வாங்கிய வரியைவிட 21 பைசா வீதம் கூடுதலாகத் திருப்பியிருப்பீர்கள். ஐட்டம்வாரி ரவுண்டில் அந்தத் தொல்லை இல்லை.

கடைக்கணக்கு:
எங்களுக்குத் திரும்பும் சரக்கு அதிகம். ஐட்டம்வாரியாகவே வைத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு ஃபார்முலாவையும் அவருக்கு அனுப்பினேன். வரித் தொகையை ஒப்புக்கொண்டார், அந்த ஒரு ரூபாயை மட்டும் குறைக்கச் சொல்கிறார்.

பில்லிங் முத்து:
குறைப்பதானால் வரியில் கை வைக்காதீர்கள். பணம் வாங்கும்போது ரவுண்ட் ஆஃப் கணக்கில் எழுதிவிடுங்கள்.