பொருள்: 😥 வியர்வை, 😢 கண்ணீர், 🥺 கெஞ்சல்: மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்

மலர்விழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எமோஜிகளின் தமிழ்ப் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். முகங்கள் பகுதியில் ஓர் இடத்தில் நின்றவள் இரண்டு நாளாக நகரவில்லை. துளி உள்ள முகங்களை நாம் எல்லாரும் "அழுகிற பொம்மை" என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் துளி இருக்கும் இடம் வேறு வேறு. 😢 இதில் துளி கண்ணிலிருந்து இறங்குகிறது, அது கண்ணீர். 😥 இதில் புருவத்தை ஒட்டி, நெற்றியோரம் நிற்கிறது, அது வியர்வை. 🥺 இதில் துளியே கிடையாது. பெரிய கண்ணில் வெளிச்சம் பட்ட வெள்ளைப் புள்ளிகளைத்தான் நாம் கண்ணீர் என்று நினைத்துக்கொள்கிறோம்.

யூனிகோடு வைத்திருக்கும் பெயர்களை எடுத்துப் பார்த்தேன்:

```
import unicodedata
for c in "😥😢🥺":
    print(hex(ord(c)), unicodedata.name(c))

0x1f625 DISAPPOINTED BUT RELIEVED FACE
0x1f622 CRYING FACE
0x1f97a FACE WITH PLEADING EYES
```

முதல் பெயரைத்தான் பாருங்கள், "ஏமாற்றம், ஆனாலும் நிம்மதி" என்கிறது. அதை அப்படியே தமிழாக்கினால் யாருக்கும் விளங்காது. நமக்கு வேண்டியது லேசான கவலையில் தொடங்கிக் கெஞ்சல் வரைக்கும் குழப்பாமல் பிரித்துச் சொல்லும் பெயர்கள். உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.

இரகு எழுதியது:

இது அவ்வளவு சிக்கல் இல்லை அக்கா. எமோஜி என்பதே எமோஷனிலிருந்து வந்த சொல், உணர்ச்சிக்குறி. அதனால் உணர்ச்சியின் அளவை வைத்துப் பெயர் கொடுத்தால் போதும். 😅 லேசான கவலை, 😥 கவலை, 😰 பெருங்கவலை, 😢 அழுகை, 😭 பேரழுகை, 🥺 கெஞ்சல். ஒரே கோட்டில் வரிசையாக வந்துவிடும், பயனருக்கும் நினைவில் நிற்கும். பெயர் நீளமாக இருப்பதைவிட வரிசை தெளிவாக இருப்பது முக்கியம் என்பது என் கருத்து.

சிவராசா எழுதியது:

தம்பி இரகு, ஒரு திருத்தம். எமோஜி ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. எமோஷனோடு ஒலி ஒத்துப்போவது தற்செயல். இந்த முகங்களில் பெரும்பகுதி ஜப்பானியக் கைபேசி நிறுவனங்களின் தொகுப்புகளிலிருந்து 2010இல் யூனிகோடு 6.0க்கு வந்தவை. 🥺 பின்னால் 2018இல் 11.0இல் சேர்ந்தது. இது ஏன் முக்கியம் என்றால், 😅 😓 😥 😰 நான்கிலும் உள்ள அந்தத் துளி ஜப்பானியச் சித்திரக்கதைகளின் வழக்கம். அங்கே நெற்றியோரத்துத் துளி பதற்றத்தையும் சங்கடத்தையும் காட்டும். உடம்பு வேர்த்திருக்க வேண்டியதில்லை.

வரிசை பற்றியும் எனக்கு உடன்பாடில்லை. கவலையும் கெஞ்சலும் ஒரே கோட்டில் வரா. தமிழ் இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது பாருங்கள். "பயந்தான்", "அழுதான்" என்று சொன்னால் வாக்கியம் முடிந்துவிடுகிறது. "கெஞ்சினான்" என்றால் உடனே யாரிடம் என்று கேட்கத் தோன்றும். "அவரிடம்" என்ற இடம் வந்தால்தான் நிறைவு. வியர்வையும் கண்ணீரும் தன்னோடு நிற்பவை, கெஞ்சல் எதிரே இருப்பவரை நோக்கிப் போவது. 🥺 கடைசிப் படி அல்ல, அது வேறு திசை.

ஒரே செய்தியில் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள்:

"நாளைக்கு வர முடியாது 😅": சொல்லக் கொஞ்சம் கூச்சம்.
"நாளைக்கு வர முடியாது 😥": வர முடியாமல் போனதே என்ற கவலை.
"நாளைக்கு வர முடியாது 😢": வருத்தம், கவலையைத் தாண்டிவிட்டது.
"நாளைக்கு வர முடியாது 🥺": கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எதிராளியிடம் கேட்கிறது.

நான்காவதில் கேள்வி ஒளிந்திருக்கிறது, முதல் மூன்றில் இல்லை. பெயர் வைக்கும்போது இந்த வேறுபாடு கெடக்கூடாது என்பதே என் கவலை.

கோபாலன் எழுதியது:

நான் கைபேசிக்கு அண்மையில் வந்தவன், சிறியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். துளி என்றதும் என் பேத்தி ஞாபகம் வந்தது. பரீட்சை சரியாக எழுதவில்லை என்று போனில் சொன்னாள், ஆறுதலாக இருக்கட்டும் என்று 😪 இதை அனுப்பினேன். "தாத்தா, தூக்கம் வருதா? தூங்குங்க" என்று பதில் வந்தது! மூக்கின் பக்கத்தில் இருப்பது கண்ணீர் இல்லையாம், தூக்கத்தில் வரும் சளிக்குமிழியாம். எனக்கு அது அன்றுவரை கண்ணீர்தான். மலர்விழி அம்மா, நீங்கள் பெயர் வைப்பது அனுப்பும்போது பட்டனில் தெரியுமா? தெரிந்தால் எனக்கு 😪 இதற்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். அப்புறம் 💦 இதுவும் துளிதானே, அதையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

மலர்விழி எழுதியது:

ஐயா, பட்டனில் தெரியாது. ஆனால் விசைப்பலகையில் தேடும்போதும், திரைவாசிப்பானில் கேட்கும்போதும் இந்தப் பெயர்தான் வரும். 😪 பற்றிச் சொன்னது பெரிய உதவி, "தூங்கும் முகம்" என்று முகத்தின் பெயரைத் தூக்கத்தில் தொடங்கினால் அந்தத் தவறு நடக்காது. 💦 முகம் இல்லாத வெறும் துளிகள், அதை இப்போது எடுக்க வேண்டாம்.

சிவராசா அண்ணா, திசை பற்றிச் சொன்னது சரியாகப் படுகிறது. 🥺 இதைக் "கெஞ்சும் முகம்" என்றே வைத்துவிடலாமா? "மன்றாடும்", "இறைஞ்சும்" இரண்டும் எனக்குக் கனமாகத் தெரிகின்றன. இறைஞ்சுவது தெய்வத்திடம், மன்றாட்டு என்பது மாதா கோயில் ஜெபத்தில் கேட்ட சொல். ஐந்து ரூபாய் மிட்டாய்க்குக் குழந்தை செய்வது கெஞ்சல்தான்.

நசீர் எழுதியது:

நான் பார்வையற்றவன், என்விடிஏ திரைவாசிப்பானில் இந்தப் பெயர்களை நாள் முழுக்கக் காதால் கேட்பவன். படத்தில் துளி எங்கே இருக்கிறது என்பது எனக்குப் பெயர் வழியாக மட்டும்தான் தெரியும், அதனால் இந்த விவாதம் எனக்கு மிகவும் தேவையானது. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலில், பெயர் சின்னதாக இருக்கட்டும். ஒருவர் 😭 இதை ஐந்து தடவை போட்டால் ஐந்து தடவையும் பெயரைக் கேட்க நேர்கிறது. "சத்தமாகக் கதறி அழும் முகம்" என்று வைத்தால் செய்தி எங்கே முடிகிறது என்றே தெரியாது. "கதறும் முகம்" போதும்.

அடுத்தது, முதல் சொல்லிலேயே உணர்ச்சி தெரியவேண்டும். 🥲 இதைக் "கண்ணீருடன் சிரிக்கும் முகம்" என்றால் "கண்ணீருடன்" கேட்டதுமே மனம் துக்கத்துக்குப் போய்விடுகிறது, பிறகு சிரிப்பு வந்து திருத்துகிறது. அதனால் 😥 இதை "வியர்வையுடன் வருந்தும் முகம்" என்று நீட்டாமல், "பதறும் முகம்" என்று முதல் சொல்லிலேயே சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிவராசா எழுதியது:

நசீர் சொல்வது நியாயம், ஆனால் ஒரு இடைஞ்சல் இருக்கிறது. மொழித் தொகுப்பான சி.எல்.டி.ஆரில் ஒவ்வொரு குறிக்கும் குறும்பெயர் ஒன்று, தேடுசொற்கள் பல. குறும்பெயர் படத்தில் தெரிவதைச் சொல்லவேண்டும், ஒரு மொழிக்குள் இரண்டு குறிக்கு ஒரே பெயர் கூடாது. பொருள் எல்லாம் தேடுசொற்களுக்குப் போகும். ஆங்கிலத்தில் இப்படி:

```
<annotation cp="😥" type="tts">sad but relieved face</annotation>
```

யூனிகோடு தரும் பெயரை ஒருமுறை வைத்தபின் மாற்றமுடியாது, ஆனால் இந்தப் பெயரை மாற்றலாம். அதனால் நாம் அந்தப் பழைய "நிம்மதி"க்குக் கட்டுப்படவேண்டியதில்லை. ஆனால் "பதறும்" என்றால் 😰 இதுவும் பதறுவதுதானே? வாய் திறந்து, நெற்றி நீலம் பாய்ந்து, அதிகமாகவே பதறுகிறது. நான் சொல்வது: 😥 வருந்தும் வியர்முகம், 😰 பதறும் வியர்முகம், 😢 அழும் முகம், 😭 கதறும் முகம். வியர்முகம் வினைத்தொகை, ஒரே சொல்லாகக் கேட்கும், நசீர் கேட்டபடி முதல் சொல்லும் உணர்ச்சியைச் சொல்லிவிடும்.

இரகு எழுதியது:

எமோஜி பற்றித் திருத்தியதற்கு நன்றி அண்ணா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "வியர்முகம்" யாரும் பேசாத சொல். எங்கள் ஊரில் "வேர்த்துப்போச்சு" என்றுதான் சொல்வார்கள். 😥 "வேர்த்த முகம்" என்றால் பாட்டிக்கும் புரியும். 😅 இதற்கு இன்னும் நல்லது நம்மிடம் இருக்கிறது, "அசடு வழிதல்". மாட்டிக்கொண்டவன் சங்கடமாகச் சிரிப்பதற்கு நாம் சொல்வதே அதுதான், அதில் வழிகிறது என்று வேறு வருகிறது. துளி தானாக வந்து உட்காருகிறது. "அசடு வழியும் முகம்"!

மலர்விழி எழுதியது:

இரகு, அசடு வழிதல் அருமை. படித்ததும் 😅 இதைத்தான் இத்தனை நாளும் அந்தப் பொருளில் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியது. தேடுசொல்லாகக் கட்டாயம் சேர்ப்போம், "அசடு" என்று தட்டினால் 😅 வரட்டும். குறும்பெயராக வைக்கத் தயங்குகிறேன். "வழிதல்" இன்றைக்குப் பேச்சில் வேறு பக்கமும் போகிறது, ஜொள்ளு வழிவது 🤤 இதற்குப் போய்விடும், கேட்பவர் ஒரு கணம் குழம்புவார். "வேர்த்துச் சிரிக்கும் முகம்" என்று படத்தைச் சொல்லிவிட்டு, பொருளைத் தேடுசொல்லில் வைக்கலாம்.

🥺 இதில் இன்னொரு சிக்கல் வந்தது. நாய்க்குட்டிப் படத்துக்குக் கீழே 🥺 போடுகிறார்கள். அங்கே யாரும் கெஞ்சவில்லை, மனம் நெகிழ்கிறது. "உருகும் முகம்" என்றால் கெஞ்சலும் நெகிழ்ச்சியும் இரண்டும் அடங்கும் என்று நினைத்தேன், உருகி உருகிக் கேட்டான் என்றும் சொல்கிறோமே. ஆனால் அந்தப் பெயர் 🫠 இதற்குப் போகவேண்டும், அது உண்மையிலேயே மெழுகுபோல உருகி ஓடுகிறது. அதனால் பெயர் "கெஞ்சும் முகம்" என்றே இருக்கட்டும், நெகிழ்ச்சி, ஏக்கம், உருகல், ப்ளீஸ் எல்லாம் தேடுசொல். 🥹 இதில் கண்ணில் நீர் நிற்கிறது, வாயில் லேசான சிரிப்பு. அதற்குக் "கண் ததும்பும் முகம்". கலங்குவது, ததும்புவது, வழிவது என்று தமிழில் மூன்று படி இருக்கும்போது ததும்புவது இதற்கு அளந்து வைத்தது போல இருக்கிறது.

நசீர் எழுதியது:

"கெஞ்சும் முகம்" கேட்க நன்றாக இருக்கிறது. ததும்பும் என்பதைத் திரைவாசிப்பானின் குரல் சரியாகச் சொல்கிறதா என்று சோதித்துவிட்டு எழுதுகிறேன், அடுத்தடுத்து வரும் த, து அதில் சிலசமயம் மழுங்குகிறது. 😥 மட்டும் இன்னும் எனக்கு நெருடுகிறது. "வேர்த்த முகம்" என்றால் வெயிலில் நடந்து வந்தவர் என்று நினைப்பேன், "வருந்தும் வியர்முகம்" என்றால் புரியும்.

சிவராசா எழுதியது:

அப்போ 😥 "வருந்தும்", 😰 "பதறும்" இரண்டையும் பிடித்துக்கொள்வோம், பின்னால் "வியர்முகம்" வருமா "வேர்த்த முகம்" வருமா என்பதை இன்னும் நாலு பேர் சொல்லட்டும். 😓 இதை யாரும் தொடவேயில்லை. கண் மூடி, தலை தாழ்ந்து, துளியோடு இருக்கிறது. அது சோர்வா, வெட்கமா? எனக்கே இரண்டு மனம்.

கோபாலன் எழுதியது:

என் பேத்தியிடம் 😓 காட்டிக் கேட்டேன். "ஹோம்வொர்க் முடியல தாத்தா" என்கிறாள். அதற்கு என்ன பெயர் வைக்கலாம்?