புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் 500 ரூபாய் நோட்டு போலியா? காசின் விளிம்பு வரிகள் பற்றியும் ஒரு சந்தேகம்

தேனி_மளிகை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்களுடையது சிறிய மளிகைக் கடை. கள்ள நோட்டைக் கண்டுபிடிப்பதற்காகப் புற ஊதா விளக்கு ஒன்றும், நோட்டின் மேல் கோடு போட்டுப் பார்க்கும் பேனா ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். நெடுநாளாக எங்களிடம் சாமான் வாங்கும் பெரியவர் ஒருவர் நேற்று மாலை கொடுத்த 500 ரூபாய் நோட்டு, அந்த விளக்கின் கீழ் முழுவதும் வெளிர் நீலமாக ஒளிர்கிறது. கல்லாவில் இருக்கும் மற்ற நோட்டுகள் மங்கலாகவே தெரிகின்றன. பேனாவால் கோடு போட்டால் மற்ற நோட்டுகளில் இளமஞ்சளாகவும், இதில் கருநீலமாகவும் விழுகிறது. இரண்டு சோதனையிலும் தவறிய நோட்டு என்றாலும், அவர் ஏமாற்றக்கூடிய மனிதர் அல்ல என்பதால் தயங்குகிறேன். இதைப் போலி என்றே முடிவு செய்துவிடலாமா?

இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், சில காசுகளின் விளிம்பில் மட்டும் வரிகள் இருக்கின்றனவே, அதுவும் கள்ளக் காசைத் தடுப்பதற்காகத்தானா என்று கேட்டாள். அதற்கும் எனக்கு விடை தெரியவில்லை.

கோவை_துணிக்கடை

விளக்கில் ஒளிர்ந்தால் அது போலிதான், ஐயம் வேண்டாம். உண்மையான நோட்டின் தாள் பருத்தி இழையால் ஆனது, அது ஒளிராது. நாம் கணினி அச்சுக்குப் பயன்படுத்தும் தாள்தான் அப்படி ஒளிரும். இன்னொன்றையும் பாருங்கள். பச்சைப் பட்டை ஆளுநரின் கையொப்பத்துக்கு அருகில் இருக்க வேண்டும். காந்தியின் படத்தை ஒட்டி இருந்தால் அந்த நோட்டை வாங்கவே கூடாது. வரிசை எண்ணின் நடுவே நட்சத்திரக் குறி இருந்தாலும் வாங்காதீர்கள்.

ஓய்வுபெற்ற_காசாளர்

முந்தைய பதிலில் தாளைப் பற்றிச் சொன்னது சரி. மற்ற இரண்டும் வாட்ஸ்அப்பில் சுற்றும் வதந்திகள். பட்டை காந்தி படத்தின் பக்கம் இருந்தாலும் கையொப்பத்தின் பக்கம் இருந்தாலும் நோட்டு செல்லும் என்று அரசுத் தரப்பிலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். அச்சில் பழுதான நோட்டுக்கு மாற்றாகக் கட்டில் சேர்க்கப்படும் நோட்டில்தான் நட்சத்திரக் குறி இருக்கும். அதுவும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2023ஆம் ஆண்டு அறிவித்தது. இவற்றை நம்பி நல்ல நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் நோட்டுக்கு வருகிறேன். சாதாரணத் தாளை வெண்மையாகக் காட்டுவதற்கு அதில் ஒளிர்வூட்டிகளைச் சேர்க்கிறார்கள். நோட்டுத் தாளில் அவற்றைச் சேர்ப்பதில்லை. ஆகவே விளக்கின் கீழ் தாள் மங்கலாகவே இருக்கும், அதில் கலந்துள்ள வண்ண இழைகளும் வரிசை எண்ணும் பளிச்சென்று தெரியும். ஆனால் அதே ஒளிர்வூட்டிகள் நாம் துணி துவைக்கும் சலவைத் தூளிலும் இருக்கின்றன. சட்டைப் பையிலேயே நோட்டை மறந்துவிட்டுத் துவைத்தால், உண்மையான நோட்டும் நீலமாக ஒளிரும். பேனாவின் கதையும் இதைப் போன்றதுதான். அதில் இருப்பது அயோடின். மாவுப் பொருளைத் தொட்டால் கருநீலமாகும். அச்சுத் தாளில் மாவுப் பொருள் உண்டு, நோட்டுத் தாளில் இல்லை. கஞ்சி போட்ட சட்டையோடு ஒரு நோட்டு ஊறியிருந்தால் பேனா அதையும் போலி என்றே காட்டும். மாவுப் பொருள் இல்லாத தாளில் அச்சடித்த கள்ள நோட்டையோ அது நல்லது என்று விட்டுவிடும். ஆகவே உங்களுடைய இரண்டு கருவிகளும் தாளின் மேல் என்ன படிந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கின்றன; தாள் எப்படிச் செய்யப்பட்டது, அதில் எப்படி அச்சடித்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

அதைக் கண்ணும் விரலும்தான் சொல்லும். முதலில் நோட்டை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். வலப்பக்க வெற்றிடத்தில் காந்தியின் முகமும், அதன் அருகே 500 என்ற எண்ணும் தெரிய வேண்டும். தாள் கூழாக இருக்கும்போதே ஓரிடத்தில் தடிப்பாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் படியவிட்டு உண்டாக்கும் நீர்க்குறி அது. அதனால் கன்னத்திலிருந்து காது வரை நிழல் படிப்படியாக மாறும். கள்ள நோட்டில் வெளிர் மையால் மேலே அச்சடித்திருப்பார்கள். அதன் ஓரம் வெட்டினாற்போல் இருக்கும், வெளிச்சத்துக்குக் காட்டாமலே மேசையில் வைத்த நிலையிலும் கொஞ்சம் தெரிந்துவிடும்.

அடுத்தது பாதுகாப்பு இழை, அதாவது மேலே பச்சைப் பட்டை என்று சொன்னது. மேசையில் வைத்துப் பார்த்தால் அது விட்டு விட்டுத் துண்டுகளாகத் தெரியும். வெளிச்சத்துக்குக் காட்டினால் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாகிவிடும். தாளுக்குள்ளேயே அதைப் பின்னியிருப்பதுதான் காரணம். அதில் தேவநாகரியில் பாரத் என்றும் ஆங்கிலத்தில் ஆர்.பி.ஐ. என்றும் இருக்கும். நோட்டைச் சாய்த்தால் இழை பச்சையிலிருந்து நீலமாக மாறும். வலப்பக்கக் கீழ்மூலையில் ரூபாய்க் குறியோடு இருக்கும் 500 என்ற எண்ணும் அப்படியே மாறும். நகல் எடுக்கும் கருவி ஒரு கோணத்தில் தெரியும் நிறத்தைத்தான் பதிவு செய்யும் என்பதால், இந்த மாற்றத்தை அதனால் கொண்டுவர முடியாது.

கடைசியாக, காந்தியின் உருவத்தின் மேலும், வலப்பக்கத்து அசோகத் தூண் சின்னத்தின் மேலும், இரு ஓரங்களிலும் உள்ள ஐந்து சாய்கோடுகளின் மேலும் நகத்தால் மெல்ல வருடுங்கள். தகட்டில் வெட்டிய பள்ளத்தில் மையை நிரப்பி, பெரும் அழுத்தத்தில் தாளை அதன்மேல் பதிப்பதால், அந்த இடங்கள் மேடாக இருக்கும். துவைத்த நோட்டில் இந்த மேடு குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

மொத்த_வியாபாரி

நானும் இதில் அடிபட்டவன். கணக்கில் செலுத்திய கட்டில் ஒரு நோட்டு போலி என்று சொல்லி வங்கியில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். பணமும் வரவு வைக்கவில்லை, நோட்டையும் திருப்பித் தரவில்லை, கையில் ஒரு சீட்டுக்கூடத் தரவில்லை. இது நியாயமா? இப்படி நடக்கும் என்றால் யார் நோட்டை வங்கிக்கு எடுத்துச் செல்வார்கள்?

ஓய்வுபெற்ற_காசாளர்

போலி என்று தெரிந்த நோட்டைத் திருப்பித் தருவதற்கும், அதற்குப் பணம் தருவதற்கும் வங்கிக்கு அனுமதி இல்லை. அதன்மேல் போலி என்று முத்திரை குத்திப் பறிமுதல் செய்ய வேண்டும் என்பதே விதி. ஆனால் உங்களுக்கு ஒப்புகைச் சீட்டு தந்திருக்க வேண்டும். அதைத் தராதது தவறு, கேட்டு வாங்குங்கள். ஒரே பரிவர்த்தனையில் நான்கு நோட்டுகள் வரை என்றால் மாத முடிவில் காவல்துறைக்கு மொத்தமாக அறிக்கை அனுப்புவார்கள். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிவாகும். போலி என்று தெரிந்தபின் அதை வேறொருவர் தலையில் கட்டுவது பெரிய குற்றம். அதனால் ஏற்படும் இழப்பை நீங்களே ஏற்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது என்பதை நானும் மறுக்கவில்லை.

வெள்ளி_ரூபாய்

காசைப் பற்றிய கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன். விளிம்பு வரிகளின் முதன்மையான நோக்கம் காசைச் சுரண்டுவதைத் தடுப்பது. காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் எடையில் இருந்த காலத்தில், ஓரத்தைச் சிறிது சிறிதாக வெட்டி வெள்ளியைச் சேர்த்துக்கொண்டு, காசை முழு மதிப்புக்கே செலவழித்தார்கள். இங்கிலாந்தில் சுத்தியலால் அடித்த பழைய காசுகள் வட்டமாகவே இருக்காது. வெட்டியது எது, அடிக்கும்போதே கோணலானது எது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெட்டியவர்களுக்கு மரண தண்டனை என்று சட்டம் இருந்தும் அது நிற்கவில்லை.

1662 முதல் இயந்திரத்தில் அடித்த காசுகள் வந்தன. பெரிய காசுகளின் விளிம்பில் லத்தீன் வாசகத்தையும் மற்றவற்றில் வரிகளையும் பதித்தார்கள். ஓரத்தில் அரம் பட்டால் அந்த இடம் வழுக்கையாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதோடு சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் பழைய காசும் புதிய காசும் ஒரே மதிப்புக்குச் செல்லும்போது, மக்கள் வெட்டுப்பட்டதைச் செலவழித்துவிட்டு முழு எடையுள்ள புதியதைப் பதுக்கினார்கள், உருக்கினார்கள். 1696இல் பழைய காசுகளைத் திரும்பப் பெற்று மறுபடி அடித்தபோதுதான் மாற்றம் வந்தது. ஐசக் நியூட்டன் நாணயச்சாலைப் பொறுப்புக்கு வந்ததும் அந்த ஆண்டில்தான்.

நம் வீடுகளில் விக்டோரியா ராணி உருவம் போட்ட வெள்ளி ரூபாய் இருந்தால் உங்கள் மகளிடம் காட்டுங்கள். அதன் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. அதனால் அந்த ரூபாயையே எடைக்கல்லாகவும் பயன்படுத்தினார்கள். அப்படிப்பட்ட காசில் ஓரம் குறைந்தால் எத்தனை பேரை அது பாதிக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அதன் விளிம்பு முழுவதும் வரிகள் இருக்கும்.

வரிகளுக்கும் எல்லை உண்டு. தோல் பையில் காசுகளைப் போட்டு நெடுநேரம் குலுக்கி, உதிரும் வெள்ளித் தூளைச் சேர்ப்பவர்களை வரிகளால் பிடிக்க முடியாது. காசு எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தேய்வதால், அது புழக்கத்தில் தேய்ந்த காசைப் போலவே இருக்கும். தராசில் வைத்தால்தான் தெரியும்.

இன்றைய காசுகளில் சுரண்டி எடுக்கும் அளவுக்கு விலை உள்ள உலோகம் இல்லை. வரிகள் தொடர்வது வழக்கத்தினால் மட்டுமே என்பது என் கருத்து.

பார்வையற்ற_மகனின்_தாய்

வழக்கத்தினால் மட்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன். என் மகன் காசைக் கையில் எடுத்ததும் முதலில் விளிம்பைத்தான் நகத்தால் சுற்றிப் பார்ப்பான், பிறகுதான் அளவைப் பார்ப்பான். யூரோ காசுகளில் பார்வையற்றோர் எளிதில் அடையாளம் காண்பதற்காக அடுத்தடுத்த மதிப்புள்ள காசுகளின் விளிம்பை வேறு வேறாக அமைத்திருக்கிறார்கள். நம் காசுகளை அடிக்கடி மாற்றுவதால் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒன்றாகப் புழங்கி அவனைக் குழப்புகின்றன. நோட்டுக்கு ரிசர்வ் வங்கியின் மணி என்ற செயலி இருக்கிறது. கடைக்காரரும் அதைப் பயன்படுத்திப் பார்க்கலாமே?

ஓய்வுபெற்ற_காசாளர்

அம்மா, அந்தச் செயலி எத்தனை ரூபாய் நோட்டு என்று மட்டுமே சொல்லும். நல்லதா போலியா என்று சொல்லாது. கடைக்காரருக்கு அது உதவாது.

வெள்ளி_ரூபாய்

அமெரிக்காவில் வெள்ளியாக இருந்த பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் காசுகளுக்கு வரி இருந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெள்ளியை நீக்கிய பிறகும் வரியை விடவில்லை. நான் வழக்கம் என்று சொன்னது அதை வைத்துத்தான். ஆனாலும் உங்கள் மகன் சொல்வதற்கு எதிராக என்னிடம் வாதம் இல்லை.

தேனி_மளிகை

அனைவருக்கும் நன்றி. பெரியவரை விசாரித்தேன். வெள்ளைச் சட்டைகளைக் கஞ்சி போட்டுத் துவைக்க வெளியில் கொடுப்பதாகவும், அந்த நோட்டு சலவையிலிருந்து வந்த சட்டைப் பையில் இருந்ததாகவும் சொன்னார். நீர்க்குறியில் முகத்தின் நிழல் படிப்படியாகவே மாறுகிறது. இழை ஒரே கோடாகத் தெரிகிறது. சாய்த்தால் நிறமும் மாறுகிறது. ஆனால் மூலையில் உள்ள எண்ணின் நிறமாற்றம் மற்ற நோட்டுகளைவிட மங்கல். சாய்கோடுகளைத் தடவினால் வலப்பக்கம் மேடு தெரிகிறது, இடப்பக்கம் ஏறக்குறைய இல்லை. பக்கத்துக் கடையின் எண்ணும் இயந்திரமும் இதைத் தள்ளிவிடுகிறது.

ஓய்வுபெற்ற_காசாளர்

இயந்திரம் தள்ளுவதற்குத் தாளின் ஒளிர்வே போதும். நீர்க்குறியும் இழையும் நீங்கள் சொல்வது போல இருந்தால் நல்ல நோட்டாகவே இருக்க வாய்ப்பு அதிகம்; ஆனால் எழுத்தை மட்டும் படித்து நான் உறுதி சொல்ல மாட்டேன். கல்லாவிலிருந்து யாருக்கும் மீதியாகக் கொடுத்துவிடாதீர்கள். வங்கிக் கிளைக்கு எடுத்துச் சென்று, துவைபட்ட நோட்டு என்று சொல்லியே காட்டுங்கள். நல்லதாக இருந்தால் பழுதான நோட்டாக எடுத்துக்கொண்டு மாற்றித் தருவார்கள். அந்தக் கிளையில் உங்களுக்குக் கணக்கு இருக்க வேண்டிய அவசியமில்லை. போலி என்று சொன்னால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.