அளவு சொல்லாத காற்றழுத்தக் கருவி: ‘மானி’யா, ‘காட்டி’யா?

பள்ளி அறிவியல் ஆசிரியை, நாமக்கல்

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அறிவியல் கண்காட்சிக்காக, ஊறுகாய் பாட்டிலின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, அதன் நடுவில் ஸ்ட்ராவின் ஒரு முனையை ஒட்டி, மறுமுனை பாட்டில் விளிம்பைத் தாண்டி ஓர் அட்டைக்கு முன் முள்ளாக நிற்கும்படி செய்திருக்கிறாள். வெளியே அழுத்தம் கூடினால் தோல் உள்ளே அமுங்கி முள் மேலேறும், குறைந்தால் இறங்கும். அதில் ‘காற்றழுத்தமானி’ என்று எழுதி ஒட்டியிருந்தாள். “இப்போது எத்தனை மில்லிபார்?” என்று நடுவர் கேட்டதும் அவளால் பதில் சொல்ல இயலவில்லை.

ஏற்ற இறக்கத்தை மட்டும் தெரிவிக்கும் இத்தகைய கருவியை ஆங்கிலத்தில் பாரோஸ்கோப் என்கிறார்கள். மின்காட்டி, நிறங்காட்டி ஆகியவற்றின் வழியில் இதைக் ‘காற்றழுத்தங்காட்டி’ எனலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

நாங்கள் படித்ததும் படிப்பித்ததும் ‘பாரமானி’ என்ற சொல்லைத்தான். வழக்கில் வேரூன்றிய சொல்லை எதற்காக மாற்ற வேண்டும்? பாரம் என்றதும் எடை நினைவுக்கு வருவது உண்மைதான். ஆனால் காற்றின் எடைதானே அழுத்தமாகிறது.

ஆசிரியை, நாமக்கல்

ஐயா, பாரமானியை மாற்றச் சொல்லவில்லை. அளவிடும் கருவிக்கு அச்சொல் இருக்கட்டும். அளவிடாத கருவிக்குத்தான் பெயர் தேடுகிறேன்.

பொறியாளர், கோயம்புத்தூர்

வேறு பெயர் தேவையில்லை என்பது என் கருத்து. நம் பகுதியில் அழுத்தம் நாள்தோறும் காலை 10 மணியளவில் உச்சத்தையும் மாலை 4 மணியளவில் தாழ்வையும் தொடும். மாணவியின் முள்ளும் அப்படியே ஏறி இறங்கினால் கருவி சரியாக வேலை செய்கிறது என்றுதானே பொருள்? கைப்பேசியிலுள்ள அழுத்த உணரியோடு ஒப்பிட்டு அட்டையில் கோடுகள் போட்டுவிட்டால் அது மானியாகிவிடும்.

வானிலை நோக்கராகப் பணியாற்றியவர், சென்னை

நாள்தோறும் அந்த ஏற்ற இறக்கம் நிகழ்வது உண்மை. ஆனால் அதன் அளவு 4 மில்லிபார் அளவில்தான் இருக்கும். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றோ ஒரு டிகிரி சூடானாலே, வெளியழுத்தம் ஏறத்தாழ 3.4 மில்லிபார் குறைந்தால் எவ்வளவு விரியுமோ அவ்வளவு விரிந்துவிடும். அம்மா, வகுப்பறையின் வெப்பநிலையைக் குறித்து வைத்திருக்கிறீர்களா?

ஆசிரியை, நாமக்கல்

குறித்திருக்கிறோம் ஐயா. காலை 10 மணிக்கு 27 டிகிரி, மாலை 4 மணிக்கு 32 டிகிரி. அதற்குள் முள் 20 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது.

வானிலை நோக்கராகப் பணியாற்றியவர்

அப்படியானால் வெப்பத்தின் பங்கு 17 மில்லிபாருக்கு ஈடு, உண்மையான அழுத்தக் குறைவு 4. முள் இறங்கியதில் ஐந்தில் நான்கு பங்கு வெயிலின் வேலை. இரண்டும் முள்ளை ஒரே திசையில் இழுப்பதால்தான் பொறியாளர் அதைச் சரியான கருவி என்று எண்ணினார். உள்ளங்கைகளால் பாட்டிலை ஒரு நிமிடம் பொத்திப் பிடிக்கச் சொல்லுங்கள்; முள் இறங்குவதை அவளே பார்ப்பாள். வெப்பநிலை மாறாதபடி காக்காமல் அட்டையில் போடும் கோடுகள் மறுநாளே பொய்த்துவிடும். ஆகவே ‘காட்டி’ என்ற சொல்லை ஆதரிக்கிறேன்.

ஆசிரியை, நாமக்கல்

செய்து பார்த்தோம், நீங்கள் சொன்னபடியே இறங்கியது. பிறகு பாட்டில் மிதக்காதபடி அதில் செங்கல்லைக் கட்டி, கழுத்தளவு தண்ணீரில் இறக்கி வைத்தோம். தண்ணீர் பகல் முழுவதும் ஒரு டிகிரிதான் சூடேறியது. முள் 7 மில்லிமீட்டர் இறங்கியது. அதிலும் பாதியளவு வெப்பத்தின் பங்குதான் என்பதை மாணவியே கணக்கிட்டுச் சொன்னாள். இனி ஒவ்வொரு குறிப்போடும் தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதி, வெப்பநிலை ஒத்திருக்கும் குறிப்புகளை மட்டுமே ஒப்பிடுவாள்.

பொறியாளர்

என் கணிப்பில் வெப்பத்தை விட்டுவிட்டேன். தலைமுடியைக் கொண்டு செய்யும் ஈரப்பதக் கருவியும் இந்த வகையில் ‘ஈரப்பதங்காட்டி’ ஆகிவிடுமா?

வானிலை நோக்கராகப் பணியாற்றியவர்

அதற்கு வேறு வழி உண்டு. எண்ணெய்ப் பசை போகக் கழுவிய தலைமுடி, வறண்ட காற்றிலிருந்து ஈரம் நிறைந்த காற்றுக்குப் போகும்போது இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் நீளும். சமையல் உப்பில் சிறிது தண்ணீர் விட்டு, கரையாத உப்பு மிஞ்சும்படி பிசைந்து, அந்தக் கிண்ணத்தைக் கருவியோடு மூடிய டப்பாவுக்குள் வைத்தால், சில மணி நேரத்தில் உள்ளே ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைத்துவிடும். அங்கே ஒரு கோடு போடலாம். நன்றாக நனைந்த துணியோடு மூடி வைத்தால் நூறுக்கு அருகில் இன்னொரு கோடு கிடைக்கும். இவ்விரு கோடுகளும் நாளைக்கும் செல்லும் என்பதால் அதை மானி என்றே சொல்வேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், யாழ்ப்பாணம்

வேறுபாடு இப்போது விளங்குகிறது. ஆனால் முடிக்கருவி கோடு போடும்வரை காட்டி, போட்டபின் மானி என்றால், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள் ஆகின்றனவே. பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா?

ஆசிரியை, நாமக்கல்

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை, ஐயா. பாட்டிலின் மேல் இருந்த தாளை மட்டும் இன்று மாற்றி, ‘காற்றழுத்தங்காட்டி’ என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். முடிக்கருவி உப்பு டப்பாவுக்குள் இருக்கிறது. அதன் தாளில் இன்னும் எதுவும் எழுதவில்லை.