சிறுநீரகத்துக்கு டோபமின்: சிறுநீர் வந்ததா, இல்லையா?

மயிலாப்பூர் மூத்தவர்:
தொற்றால் இரத்த அழுத்தம் சரியும் செப்டிக் ஷாக் என்றதும் எடுத்த எடுப்பிலேயே நோராட்ரினலின் போடும் பிள்ளைகளே, இரத்தக் குழாயை நெரித்துச் சிறுநீரகத்தைக் கொல்கிறீர்கள். நிமிடத்துக்குக் கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் டோபமின் ஓடட்டும், சிறுநீர் தானாக வரும். 30 வருடம் பார்த்தவன் சொல்கிறேன்.

எழும்பூர் இரவுப்பணி:
ஐயா, போன மாதம் எங்கள் ஐ.சி.யூ.வுக்கு வந்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். வயது 62, எடை 60 கிலோ, சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று. அழுத்தம் 78/40, சராசரி 53. வேறொரு இடத்தில் 1800 மில்லி திரவம் ஏற்றி, டோபமினை 2-இல் தொடங்கி 5 வரை கொண்டுபோய் ஆம்புலன்ஸில் அனுப்பியிருந்தார்கள். 50 மில்லி சிரிஞ்சில் 200 மில்லிகிராம், பம்ப் மணிக்கு 4.5 மில்லியில் ஓடிக்கொண்டிருந்தது.

சிறுநீர் மணிக்கு 20 மில்லியிலிருந்து 45 ஆகியிருந்தது. கூட வந்த மருத்துவர் அதைத்தான் முதலில் சொன்னார். நான் அந்த அம்மாவின் கையைத் தொட்டேன், ஐஸ் போல இருந்தது. நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப 5 விநாடி ஆனது. நாடி 104-இலிருந்து 148 ஆகி, ஒழுங்கில்லாமல் ஓடியது. திசுக்களுக்கு இரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட் 4.2-இலிருந்து 5.3, சிறுநீரகம் பழுதாகும்போது ஏறும் கிரியாட்டினின் 2.1-இலிருந்து 2.9. சராசரி அழுத்தமோ வெறும் 57.

மயிலாப்பூர் மூத்தவர்:
சிறுநீர் வந்ததா, இல்லையா?

எழும்பூர் இரவுப்பணி:
வந்தது. எப்படி வந்தது என்றுதான் கேட்க வேண்டும். டோபமின் ஒட்டி வேலை செய்யும் ஏற்பிகள் சிறுநீரக நுண்குழாயிலும் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் உப்பைத் திரும்ப உறிஞ்சுவது குறைகிறது, உப்போடு தண்ணீரும் வெளியேறுகிறது. ஃப்ரூசமைடு ஊசி போட்டாலும் சிறுநீர் வரும், அதற்காகச் சிறுநீரகம் பிழைத்துவிட்டது என்று யாராவது எழுதுவார்களா? அந்த அம்மாவின் சிறுநீர்ப் பை நிறைந்துகொண்டிருந்தபோதே கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருந்தது.

டோபமினோடு இன்னொரு தொல்லை. சிறு அளவில் டோபமின் ஏற்பி, 5-க்கு மேல் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும் பீட்டா 1, 10-க்கு மேல் குழாயை இறுக்கும் ஆல்ஃபா என்று பாடத்தில் அழகாகப் படி கட்டி வைத்திருக்கிறோம். நோயாளியின் உடலில் அந்தப் படிகள் இல்லை. ஒரே அளவு மருந்து ஓடினாலும் இரத்தத்தில் சேரும் அளவு ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். நீங்கள் சிறுநீரகத்துக்கு என்று நினைத்துக் கொடுப்பது ஒருவருக்கு இதயத்தைக் குதிரை ஓட்டம் ஓட வைக்கும்.

முதுநிலை மாணவன்:
அப்படியானால் டோபுடமின் தொடங்கியிருக்கலாமே. இதயத்தை வலுவாகத் துடிக்க வைத்தால் அழுத்தம் ஏறிவிடும். அது பீட்டா 1 மருந்துதானே.

எழும்பூர் இரவுப்பணி:
தம்பி, பாதி சரி. டோபுடமின் பீட்டா 1-ஐத் தூண்டும், கூடவே பீட்டா 2-ஐயும் தூண்டிக் குழாயைத் தளர்த்தும். இதயம் தள்ளும் இரத்தம் கூடலாம், அழுத்தம் ஏறாமல் நிற்கலாம், இறங்கவும் செய்யலாம். செப்சிஸில் குழாய்கள் ஏற்கெனவே தளர்ந்து கிடக்கின்றன. அங்கே அதை மட்டும் போட்டால் சராசரி 53 இன்னும் கீழே போகும்.

வேளச்சேரி மகன்:
நான் மருத்துவன் அல்ல. என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தபோது டோபுடமின்தான் ஓடியது. அழுத்தம் 84 இருந்தது, ஒரு மணி நேரத்தில் 76 ஆனது. பிறகு இன்னொரு சிரிஞ்ச் வைத்தார்கள், அதில் நோராட்ரினலின் என்று எழுதியிருந்தது. என் அப்பாவுக்குத் தவறான மருந்து கொடுத்துவிட்டார்கள் என்கிறீர்களா? இரண்டு வருடமாக இதே கேள்வியோடு இருக்கிறேன்.

எழும்பூர் இரவுப்பணி:
இல்லை ஐயா, அது வேறு நிலைமை. உங்கள் அப்பாவுக்கு இதயத்தின் தள்ளும் பலம் குறைந்திருந்தது. அதைக் கூட்ட டோபுடமின், குழாயைத் தாங்கிப் பிடிக்க நோராட்ரினலின். நீங்கள் சொன்ன 84-லிருந்து 76 இறக்கம் நான் மேலே மாணவருக்குச் சொன்ன அதே காரணத்தால் நடந்திருக்கலாம். இரண்டாவது சிரிஞ்ச் வைத்ததை மட்டும் வைத்துப் பிழை என்று சொல்ல முடியாது.

மயிலாப்பூர் மூத்தவர்:
பேச்சை மாற்றாதீர்கள். நோராட்ரினலின் சிறுநீரகக் குழாயையும் இறுக்குமா, இறுக்காதா? ஆல்ஃபா ஏற்பி அங்கே இல்லையா? நான் வார்டில் இருந்த காலத்தில் அந்த மருந்து ஓடிய நோயாளிகளின் விரல்கள் கறுத்துப் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லோரும் இறந்தார்கள்.

எழும்பூர் இரவுப்பணி:
எப்போது கொடுத்தீர்கள் ஐயா? டோபமின் 20 தாண்டி, எல்லாம் கைவிட்ட பிறகு, கடைசி மணி நேரத்தில். திரவம் போதாமல், வறண்ட குழாயை இறுக்கினால் விரல் கறுக்கத்தான் செய்யும். கடைசியில் வந்த மருந்தின் தலையில் சாவைக் கட்டிவிட்டோம்.

சிறுநீரகக் குழாயை அது இறுக்கும், மறுக்கவில்லை. ஆனால் செப்சிஸில் அந்தக் குழாய்களும் தளர்ந்திருக்கின்றன. 53 அழுத்தத்தில் வடிகட்டத் தேவையான தள்ளுவிசையே சிறுநீரகத்துக்குக் கிடைப்பதில்லை. அழுத்தம் 65-ஐத் தொட்டால் அந்த விசை திரும்புகிறது. சிரைகளிலும் ஆல்ஃபா ஏற்பி உண்டு. அவை இறுகும்போது தேங்கிக் கிடந்த இரத்தம் இதயத்துக்குத் திரும்புகிறது.

அந்த அம்மாவுக்குச் செய்தது இதுதான்: 50 மில்லியில் 4 மில்லிகிராம் நோராட்ரினலின், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். கணக்குப் போட்டால் பம்பில் அதே 4.5. நோராட்ரினலின் ஏறி நிலைத்த பிறகு டோபமினை 20 நிமிடத்தில் மெல்ல இறக்கினோம். சராசரி 67, நாடி 112.

அம்பத்தூர் செவிலியர்:
பம்பில் 4.5 என்று இரண்டும் ஒன்றாக இருப்பதுதான் எனக்குப் பயம். இரண்டு சிரிஞ்சிலும் பெயர் ஒட்டாமல் நின்ற பம்புகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றை அணைக்கப் போய் மற்றதை அணைத்தால் அழுத்தம் இரண்டு நிமிடத்தில் தரையில் கிடக்கும். நோராட்ரினலின் குப்பியில் உப்பின் எடை எழுதியிருக்கிறதா, மருந்தின் எடையா என்றும் பார்க்க வேண்டும். பைடார்ட்ரேட் 2 மில்லிகிராம் என்றால் உள்ளே மருந்து 1 மில்லிகிராம்தான். உங்கள் 4 எந்த 4?

எழும்பூர் இரவுப்பணி:
மருந்தின் எடை 4, சிஸ்டர். சரியான கேள்வி.

மயிலாப்பூர் மூத்தவர்:
இதயத்துக்கு அருகே வரை போகும் சென்ட்ரல் லைன் இல்லாத சின்ன மருத்துவமனையில் நோராட்ரினலின் ஓட விடுவீர்களா? கை அழுகினால் யார் பொறுப்பு? அதனால்தான் டோபமின்.

அம்பத்தூர் செவிலியர்:
ஐயா, டோபமின் வெளியே கசிந்தாலும் தோல் கறுக்கும். என் பணியின் முதல் வருடத்தில் புறங்கையில் குத்திய ஊசி நழுவி, ஒரு பாட்டியின் கை காலைக்குள் சாம்பல் நிறமாகிவிட்டது. அன்று ஓடியது டோபமின்தான். அதற்குப் பிறகு புறங்கையில் இந்த மருந்துகளை நான் விடுவதே இல்லை. முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ பெரிய சிரையில், அரை மணிக்கு ஒருமுறை ஊசி வாயைப் பார்த்துக்கொண்டு, லைன் போடும்வரை மட்டும்.

எழும்பூர் இரவுப்பணி:
சிஸ்டர் சொல்வதே போதும். செப்சிஸ் சிகிச்சைக்கான 2021 சர்வதேச வழிகாட்டுதலும் சென்ட்ரல் லைனுக்காகக் காத்திருக்காமல் அப்படித் தொடங்கலாம் என்கிறது.

இப்போது எண்களுக்கு வருகிறேன். 2000-இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஐ.சி.யூ.க்கள் 328 பேரிடம் இந்தச் சிறுநீரக அளவு டோபமினைச் சோதித்தன. கிரியாட்டினின் உச்சத்திலும் டயாலிசிஸ் தேவையிலும் வித்தியாசம் இல்லை.

மயிலாப்பூர் மூத்தவர்:
அந்தச் சோதனையை நானும் படித்தவன்தான். வெற்று மருந்தோடு ஒப்பிட்டது அது. நோராட்ரினலினோடு ஒப்பிட்டதா? உங்கள் வாதத்துக்கு அது எப்படி உதவும்?

எழும்பூர் இரவுப்பணி:
டோபமின் காப்பாற்றும் என்ற உங்கள் வாதத்துக்கு அது பதில். நோராட்ரினலினோடு நேருக்கு நேர் வேண்டுமா? 2010, 1679 பேர். 28 நாளில் இறப்பு இரண்டிலும் உறுதியாகச் சொல்லும்படி மாறவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். இதயத் துடிப்புக் கோளாறு டோபமினில் 24.1 சதவீதம், நோராட்ரினலினில் 12.4. இதயம் பழுதான ஷாக் நோயாளிகளைத் தனியாகப் பார்த்தபோது டோபமின் பக்கம் இறப்பும் கூடியிருந்தது. அந்த அம்மாவின் 148 இந்தக் கணக்கில் ஒரு புள்ளி.

மயிலாப்பூர் மூத்தவர்:
நாடி 45-இல் இருக்கும் நோயாளிக்கு?

எழும்பூர் இரவுப்பணி:
அங்கே டோபமினுக்கு இடம் உண்டு. அது சிறுநீரகத்துக்காக அல்ல, மெதுவாகத் துடிக்கும் இதயத்துக்காக.

முதுநிலை மாணவன்:
அந்த அம்மா பிழைத்தாரா? நான் சொன்ன டோபுடமின் கடைசிவரை தேவைப்படவில்லையா?

எழும்பூர் இரவுப்பணி:
தேவைப்பட்டது. சராசரி 67 ஆன பிறகும் லாக்டேட் 4.9-இல் நின்றது, கை சூடாகவில்லை. எக்கோவில் இடது இதயம் சோர்ந்து தெரிந்தது. டோபுடமின் 2.5-இல் சேர்த்தோம். நான் எச்சரித்தபடியே அழுத்தம் 60-க்கு இறங்கியது, நோராட்ரினலினை 0.18-க்கு ஏற்றினோம். மறுநாள் காலை லாக்டேட் 2.6, கை சூடு. மூன்றாம் நாளிலிருந்து கிரியாட்டினின் இறங்கியது. வீட்டுக்குப் போய்விட்டார்.

மயிலாப்பூர் மூத்தவர்:
இதுதான் உங்கள் நியாயமா? டோபமின் நாடியை ஓட்டியது என்று குற்றம் சாட்டிவிட்டு, அதே பீட்டா 1-ஐத் தூண்டும் டோபுடமினை நாடி 112 இருந்தவருக்கே கொடுத்திருக்கிறீர்கள். நான் கொடுத்தால் பிழை, நீங்கள் கொடுத்தால் சிகிச்சையா?

எழும்பூர் இரவுப்பணி:
ஆபத்து ஒன்றுதான், மறைக்கவில்லை. நாடி 130 தாண்டினால் நிறுத்துவது என்று தாளில் எழுதி வைத்தே தொடங்கினோம். எக்கோவில் காரணத்தைப் பார்த்த பிறகு கொடுத்தோம். நீங்கள் சிறுநீர்ப் பையைப் பார்த்துக் கொடுக்கிறீர்கள்.

அம்பத்தூர் செவிலியர்:
எனக்கு ஒரு சந்தேகம். அந்த அம்மாவுக்குப் பழைய இரத்தக்கொதிப்பு இருந்ததா? இருந்தால் 65 போதுமா?

எழும்பூர் இரவுப்பணி:
இருந்தது. 2014-இல் 776 பேரிடம் 65–70 அழுத்தத்தையும் 80–85-ஐயும் ஒப்பிட்டார்கள். இறப்பு மாறவில்லை. பழைய இரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு உயர்ந்த அழுத்தத்தில் டயாலிசிஸ் தேவை குறைந்தது, ஆனால் அந்த உயர்ந்த அழுத்தப் பக்கம் மொத்தத்தில் துடிப்புக் கோளாறு கூடியது. நான் 67-இல் நிறுத்தினேன். 75 வரை போயிருக்க வேண்டுமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

மயிலாப்பூர் மூத்தவர்:
பார்த்தீர்களா, அவருக்கே தெரியவில்லை. டோபமின் ஓடிய அந்த இரவில் மணிக்கு 45 மில்லி. அதை யாரும் இங்கே மறுக்கவில்லை.

வேளச்சேரி மகன்:
என் அப்பாவுக்கு அன்று சிறுநீர் குறைந்துதான் போனது. அதற்கும் டோபுடமினுக்கும் சம்பந்தம் உண்டா?

எழும்பூர் இரவுப்பணி:
ஐயா, அவரது தாள்கள் உங்களிடம் இருந்தால் மணிவாரியாக அழுத்தத்தையும் நாடியையும் பார்த்துச் சொல்கிறேன். மூத்தவரே, 45 வந்தது, கிரியாட்டினின் 2.9. இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.

மயிலாப்பூர் மூத்தவர்:
45 வந்தது. நான் எழுதியது அதுதான்.