"இப்போ எவ்வளவு வாங்கறீங்க?" என்று கேட்டார்கள், சொல்லிவிட்டேன்

மழைக்காலம்

சான் ஹோசேயில் டெஸ்டிங் வேலை. சென்னை கம்பெனி எல்-1 விசாவில் அனுப்பி வைத்தது, அப்போது சம்பளம் கம்மி. பேரம் பேசவும் தெரியாது. அப்புறம் என் கணவரின் விசாவை ஒட்டி எச்-4 வேலை அனுமதி கிடைத்ததும் வெளியே தேட ஆரம்பித்தேன். ஒரு கன்சல்டன்சி ஆள் போன் செய்தார். வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வி, "கரண்ட் பேஸ் எவ்வளவு?" நம்ம ஊர் பழக்கம், யோசிக்காமல் 92 ஆயிரம் டாலர் என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு ரவுண்டு இன்டர்வியூ, ஆஃபர் வந்தது. 1,05,800. அந்த 800 ஏன் என்று அப்போது தோன்றவில்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து காபி எடுக்கப் போனால் பேன்ட்ரி சுவரில் ஒரு தாள். எங்கள் டீமுக்கு எச்-1பி-யில் வரும் ஒருவருக்கான எல்.சி.ஏ. அறிவிப்பு, அந்த விசாவுக்காக கம்பெனி சம்பளத்தைக் காட்டி ஒட்ட வேண்டிய தாள். என்னுடைய அதே பதவிப் பெயர். சம்பளம் 1,32,000. கப்பை வைத்துவிட்டு போனில் கால்குலேட்டரைத் திறந்தேன். 92,000 கூட்டல் 15 சதவீதம், சரியாக 1,05,800.

அந்தப் பையன் இப்போது வந்து சேர்ந்து என் பக்கத்து டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கிறான். டெஸ்ட் சர்வர் எப்படி ஏற்றுவது என்று நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். கேட்டது தப்பா, சொன்னது என் தப்பா? இப்படி நடந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எடிசன்காரன்

உங்கள் தப்பே இல்லை. அமெரிக்காவில் பழைய சம்பளம் கேட்பதே சட்ட விரோதம். 2020 ஜனவரியிலிருந்து எங்களிடம் யாரும் கேட்பதில்லை. நேரா வக்கீலைப் பாருங்கள், வித்தியாசத் தொகை முழுவதும் வாங்கிவிடலாம்.

டல்லாஸ்வாசி

அது உங்க நியூஜெர்சி, அண்ணே. டெக்சஸில் அப்படி ஒரு சட்டமும் கிடையாது. போன வருஷம்கூட என்னிடம் கேட்டார்கள், ஃபார்மில் சிவப்பு நட்சத்திரம் போட்டு. அந்தக் கட்டத்தில் 0 என்று அடித்தேன், ஏற்றுக்கொண்டது. இன்டர்வியூவில் திரும்பக் கேட்டபோது "நான் எதிர்பார்ப்பது இவ்வளவு" என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது, ஆனால் வேலை கிடைத்தது.

பழைய எச்ஆர்

பதினான்கு வருஷம் கலிஃபோர்னியாவில் சம்பள நிர்ணயப் பிரிவில் இருந்தேன், இப்போது ஓய்வு. டல்லாஸ்வாசி சொல்வது சரி. கேட்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் சட்டம் இல்லை, அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மழைக்காலம், நீங்கள் இருப்பது கலிஃபோர்னியா. இங்கே 2018 ஜனவரி 1 முதல் லேபர் கோடு 432.3 இருக்கிறது. விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தை வாயாலும் கேட்கக் கூடாது, எழுத்திலும் கேட்கக் கூடாது, ஏஜெண்டை விட்டும் கேட்கக் கூடாது. அந்த கன்சல்டன்சி ஆள் இந்த ஏஜெண்டில் வருவார். "எங்க கம்பெனி கேட்கலையே" என்று அவர்கள் தப்பிப்பது கஷ்டம்.

ஆனால் ஒரு வாசல் திறந்திருக்கிறது. யாரும் தூண்டாமல் நீங்களாகவே சொல்லியிருந்தால், சம்பளம் முடிவு செய்ய அதை அவர்கள் பார்த்துக்கொள்ளலாம். சண்டை வந்தால் கம்பெனி முதலில் சொல்வது இதைத்தான்: "அவங்களே சொன்னாங்க." உங்களிடம் கேட்டுத்தான் சொன்னீர்கள். அதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? போன் பேச்சு காற்றோடு போய்விடும்.

மழைக்காலம்

தேடினேன். அன்று சாயங்காலமே அந்த ஆள் ஒரு மெயில் போட்டிருக்கிறார். "நான் கேட்டதற்கு நீங்கள் சொன்னபடி, தற்போதைய பேஸ் 92 ஆயிரம். சரிதானே?" நான் ஒரு கட்டைவிரலைப் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

பழைய எச்ஆர்

அந்த மெயிலை அழித்துவிடாதீர்கள். கட்டைவிரல் இருந்தாலும் பரவாயில்லை, "நான் கேட்டதற்கு" என்று அவரே எழுதிக் கொடுத்திருக்கிறாரே.

போரூர் பையன்

இதைப் படிக்கவே பொறாமையாக இருக்கிறது. இங்கே சென்னையில் கேட்காத கம்பெனியைக் காட்டுங்கள் பார்ப்போம். மூன்று மாத பே-ஸ்லிப், ஃபார்ம் 16, சில இடத்தில் பேங்க் ஸ்டேட்மெண்டும். நான் 6.2 லட்சம் சி.டி.சி.யில் இருந்தேன். வேலைக்கு அவர்கள் ஒதுக்கியது 12 வரை என்று உள்ளே இருக்கும் நண்பன் சொன்னான். எச்ஆர் எக்ஸெலைத் திறந்து "முப்பது பர்சென்ட்தான் ஹைக், அதுக்கு மேல பாலிசி இல்ல" என்றார். 8.06. அந்த 06-உம் உங்கள் 800 மாதிரிதான், அக்கா.

என் சந்தேகம் வேறு. பே-ஸ்லிப்பில் கொஞ்சம் ஏற்றிக் காட்டினால் மாட்டுவோமா?

பழைய எச்ஆர்

தம்பி, கேள்வியே வேறாகிவிட்டது. மாட்டுவீர்கள். ஃபார்ம் 16-இல் வருஷ மொத்தம் இருக்கிறது. பி.எஃப். பாஸ்புக்கில் மாதம் எவ்வளவு பிடித்தார்கள் என்பதிலிருந்து பேசிக்கைக் கணக்குப் போட்டுவிடலாம். சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பொய் என்று தெரிந்தாலும் வேலையை விட்டு எடுக்கலாம். "இப்போதைய சம்பளம் வேண்டாம், இந்த வேலைக்கு என்ன சம்பள பேண்ட் என்று சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கொடுக்க வேண்டும் என்று அங்கே கட்டாயம் இல்லை. ஆனாலும் ஆள் கிடைக்காமல் அவர்கள் அவசரத்தில் இருந்தால் சில சமயம் வாயைத் திறப்பார்கள்.

தயிர்சாதம்

நியூயார்க்கில் நான் பட்டதையும் கேளுங்கள். கேட்கக் கூடாது என்று அவர்களும் கேட்கவில்லை. ஆஃபர் வந்ததும் "பழைய இடத்தில் இதைவிட ஜாஸ்தி" என்று நானே எடுத்து விட்டேன், போனஸையும் சேர்த்து. மறுநாள் பே-ஸ்லிப் கேட்டு மெயில். கொதித்துப் போய் விசாரித்தால், கூடுதல் கேட்க நாமே பழைய சம்பளத்தைக் காரணம் காட்டினால் சரிபார்க்கலாம் என்று மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறதாம். போனஸைக் கழித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவமானம்.

எடிசன்காரன்

சரி, மாநிலம் மாறும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெண்ணுக்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது என்ற ஃபெடரல் சட்டம் நாடு முழுக்க உண்டே? அதன்படி ஜெயிக்க மாட்டாரா?

பழைய எச்ஆர்

நல்ல கேள்வி. கேட்பது ஒரு விஷயம், அதை வைத்துச் சம்பளம் போடுவது வேறு விஷயம். ஃபெடரல் சமச் சம்பளச் சட்டம் 1963-இல் வந்தது. ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைவு என்றால் கம்பெனி காரணம் காட்ட வேண்டும். சீனியாரிட்டி, தகுதி, உற்பத்தி அளவு, இல்லாவிட்டால் "பாலினம் அல்லாத வேறு காரணம்". பழைய சம்பளம் அந்த வேறு காரணத்தில் வருமா என்பதுதான் பல வருஷச் சண்டை.

ஃப்ரெஸ்னோ கவுண்டி வழக்கை எங்கள் ஆபீஸில் வரி வரியாகப் படித்தோம். அய்லீன் ரிஸோ என்ற கணித ஆசிரியை அரிசோனாவில் ஐம்பதாயிரம் சொச்சம் வாங்கிக்கொண்டிருந்தார். 2009-இல் ஃப்ரெஸ்னோ கல்வி அலுவலகத்தில் சேர்ந்தார். அங்கே விதி என்ன தெரியுமா? பழைய சம்பளத்தோடு 5 சதவீதம் சேர், அந்தத் தொகை சம்பள ஏணியில் எந்தப் படியில் விழுகிறதோ அங்கே உட்கார வை. அவருக்குக் கூட்டியும் முதல் படியைத் தொடவில்லை. அதனால் முதல் படியிலேயே வைத்தார்கள், 62,133 டாலர். 2012-இல் சாப்பாட்டு நேரப் பேச்சில் புதிதாக வந்த ஆண் ஒருவர், தன்னை ஒன்பதாம் படியில் எடுத்ததாகச் சொன்னார். உங்கள் பேன்ட்ரித் தாள் மாதிரி.

கவுண்டி சொன்ன வாதம், "விதி எல்லாருக்கும் ஒன்றுதான், ஆண் பெண் பார்க்கவில்லை." ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் அதைத் தள்ளியது. தீர்ப்பை எழுதிய நீதிபதி அது வெளியாவதற்குப் பதினொரு நாள் முன்பு இறந்துவிட்டார். அவர் ஓட்டை எண்ணக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. நீதிபதி பதவி ஆயுள் வரைக்கும்தான், நித்திய காலத்துக்கு இல்லை என்றார்கள். 2020 பிப்ரவரியில் திரும்ப உட்கார்ந்து அதே முடிவுக்கு வந்தார்கள். பழைய சம்பளம் வேலையோடு சம்பந்தப்பட்டது அல்ல, தனியாகவும் சரி, வேறு காரணத்தோடு சேர்த்தும் சரி, ஆண் பெண் சம்பள வித்தியாசத்துக்கு அதைச் சாக்காகச் சொல்ல முடியாது.

இது கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கு. சிகாகோவில் உள்ள ஏழாம் வட்டம் வேறு மாதிரி, பழைய சம்பளத்தைக் காரணமாக ஏற்றுக்கொண்டிருக்கிறது.

டல்லாஸ்வாசி

அப்போ என்னுடன் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன், அதே ஊர், அதே காலேஜ், என்னைவிட இருபதாயிரம் ஜாஸ்தி. நான் எந்தச் சட்டத்தில் போவது?

பழைய எச்ஆர்

அந்தச் சட்டத்தில் உங்களுக்கு இடம் இல்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் ஒப்பிட வேண்டும். கலிஃபோர்னியா சட்டம் இனத்தையும் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் நீங்கள் இருவரும் ஒரே இனம். காபி வாங்கிக் கொடுத்து எப்படி பேரம் பேசினான் என்று கேளுங்கள்.

மழைக்காலத்துக்கு இன்னொன்று. 2023 முதல் கலிஃபோர்னியாவில் வேலையில் இருப்பவரும் தன் பதவியின் சம்பள வரம்பைக் கேட்கலாம், கம்பெனி கொடுத்தாக வேண்டும். பதினைந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால் வேலை அறிவிப்பிலேயே வரம்பு இருக்க வேண்டும். கோபமாக எழுத வேண்டாம். ஒரே வரி, "என் பதவிக்கான சம்பள வரம்பைத் தெரிவிக்கவும்."

மழைக்காலம்

ஒன்பது நாள் கழித்து வருகிறேன். நீங்கள் சொன்ன அதே வரியை அனுப்பினேன். பதில் வந்துவிட்டது. வரம்பு 1,15,000 முதல் 1,55,000 வரை. நான் இருப்பது 1,05,800. வரம்புக்குள்ளேயே இல்லை!

மேனேஜர் கூப்பிட்டார். "இது ஒரு தவறு, அடுத்த மதிப்பீட்டில் சரி செய்வோம்" என்றார். அடுத்த மதிப்பீடு மார்ச்சில். பழைய எட்டு மாதம் என்ன ஆச்சு என்று கேட்டேன், எச்ஆரிடம் பேசுகிறேன் என்றார். அந்தப் பையனுக்கு மாஸ்டர்ஸ் இருக்கிறது, அனுபவம் இரண்டு வருஷம் ஜாஸ்தி என்றும் சொன்னார்.

பழைய எச்ஆர்

அங்கேதான் அவர்கள் நிற்பார்கள். படிப்பும் அனுபவமும் உண்மையான காரணங்கள்தான், 1,32,000 முழுவதும் உங்களுக்கு வரவேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வரம்பின் அடிமட்டத்துக்கும் கீழே ஏன் என்பதற்கு மாஸ்டர்ஸ் பதில் ஆகாது. அதற்கு அந்த 15 சதவீதம்தான் பதில், கணக்கு உங்கள் கையில் இருக்கிறது. மார்ச் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே தொழிலாளர் வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள்.

எடிசன்காரன்

நான் முதலிலேயே வக்கீல் என்றேன்.

மழைக்காலம்

வெள்ளிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். கணவர் வேண்டாம் என்கிறார், வேலை போய்விடுமோ என்று பயம். மெயிலையும் பேன்ட்ரித் தாளின் போட்டோவையும் வீட்டு மெயிலுக்கு அனுப்பிவிட்டேன். ஆபீஸ் லேப்டாப்பிலிருந்து அனுப்பியது சரியா என்று இப்போதுதான் யோசிக்கிறேன்.